மெக்னீசியம் நிறை நிறமாலை: 100, 12.7, 13.9 என்று மூன்று கோடு. சராசரி 30.79 ஏன் வருது?

கவின்_பதினொன்று

எல்லாருக்கும் வணக்கம். மெக்னீசியத்தோட நிறை நிறமாலைப் படம் ஒண்ணு கொடுத்து, சராசரி அணு நிறையைக் கண்டுபிடின்னு கேட்டிருக்காங்க. கீழ் அச்சுல m/z, மேலே போற அச்சுல "ஒப்பு செறிவு" 0 முதல் 100 வரை. 24-ல உயரமான கோடு, சரியா 100 தொடுது. 25-ல 12.7, 26-ல 13.9.

நான் செஞ்சது இதுதான்:

```
(24 × 100 + 25 × 12.7 + 26 × 13.9) ÷ 100
= 3078.9 ÷ 100
= 30.79
```

விடைப்பட்டியல்ல 24.3-னு இருக்கு. என் நண்பன் 24, 25, 26 மூணையும் கூட்டி மூணால வகுத்து 25-னு போட்டான். அதுவும் இல்லை. பெருக்கினதுல எந்தத் தப்பும் இல்லை, ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன். எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்க.

குடுவை

தம்பி, பெருக்கினது சரி, கூட்டினதும் சரி. 100-ஆல் வகுத்ததுதான் தவறு. அந்த 100 சதவீதம் இல்லை.

இந்த மாதிரிப் படங்களில் எல்லாவற்றிலும் உயரமான கோட்டை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றக் கோடுகளை அதோடு ஒப்பிட்டு வரைவார்கள். அதனால்தான் அச்சில் "ஒப்பு" என்ற சொல் இருக்கிறது. 24-இல் 100 என்றால் மெக்னீசியம் அணுக்களில் நூற்றுக்கு நூறும் 24 என்று பொருள் இல்லை. அப்படி இருந்தால் 25-க்கும் 26-க்கும் இடமே இருக்காது. 24 நிறையுள்ள அணு 100 பங்கு இருந்தால், 25 உள்ளது 12.7 பங்கு, 26 உள்ளது 13.9 பங்கு. படம் சொல்வது அவ்வளவுதான்.

அப்போது மொத்தம் எத்தனை பங்கு? 100 + 12.7 + 13.9 = 126.6. வகுக்க வேண்டியது இதனால்.

```
3078.9 ÷ 126.6 = 24.32
```

சதவீதமாகத் தனியே கேட்டால் ஒவ்வொரு உயரத்தையும் 126.6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கவும். 24-க்கு 79.0, 25-க்கு 10.0, 26-க்கு 11.0 வரும். மூன்றையும் கூட்டினால் 100 வந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. 30.79 வந்தவுடனே கணக்கை நிறுத்தியிருக்க வேண்டும். மெக்னீசியத்தில் இருக்கும் மிகக் கனமான அணுவே 26. 24, 25, 26 மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் சராசரி 26-ஐத் தாண்டாது, 24-க்குக் கீழேயும் போகாது. உன் நண்பனின் 25 அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அவன் கோடுகளின் உயரத்தைப் பார்க்கவே இல்லை; மூன்றும் சம அளவில் இருப்பதாக எடுத்துக்கொண்டான். 24-இன் கோடு மற்ற இரண்டையும்விட ஏழெட்டு மடங்கு உயரம். சராசரி 24-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

வேகக்கணக்கு

குடுவை சார் சொன்னது சரிதான், ஆனா தேர்வுல 126.6-ஆல வகுக்கிறது நேரம் பிடிக்கும். இன்னும் சுலபமா ஒரு வழி இருக்கு. மொத்தம் 100 தானே வரணும்? சின்னக் கோடு ரெண்டையும் 100-ல இருந்து கழிச்சுடு. 100 − 12.7 − 13.9 = 73.4. அப்ப 24-க்கு 73.4%, 25-க்கு 12.7%, 26-க்கு 13.9%. இப்ப கணக்குப் போடு:

```
(24 × 73.4 + 25 × 12.7 + 26 × 13.9) ÷ 100 = 24.405
```

24.4. எல்லைக்குள்ளயும் இருக்கு, 24-ஐ ஒட்டியும் இருக்கு. விடை 24.3-னா இது ரொம்பப் பக்கம்.

குடுவை

வேகக்கணக்கு, மொத்தம் 100 வர வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. ஆனால் அதை வரவழைத்த வழி தவறு, விடையும் தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தவறு எல்லைச் சோதனையில் பிடிபடாது, சரியான விடை போலவே தெரியும்.

படத்தில் நமக்குக் கிடைப்பது விகிதம் ஒன்றுதான். 24-இன் கோட்டை 25-இன் கோட்டால் வகுத்தால் 100 ÷ 12.7 = 7.87. அதாவது 25 நிறையுள்ள ஓர் அணுவுக்கு 24 நிறையுள்ளவை ஏறக்குறைய எட்டு. உங்கள் சதவீதங்களில் 73.4 ÷ 12.7 = 5.78. எட்டாக இருந்தது ஆறாகக் குறைந்துவிட்டது. உயரமான கோட்டை மட்டும் வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டதால் வந்த வினை. எல்லாக் கோடுகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் மட்டுமே விகிதம் மாறாமல் இருக்கும். அந்த எண் 126.6.

சதவீதம் கண்டுபிடித்த பிறகு யாரும் இப்படிச் சரிபார்க்கலாம்: 79.0 ÷ 10.0 = 7.9. படத்தில் 7.87. பொருந்துகிறது. கூட்டுத்தொகை 100 வருவது மட்டும் போதாது, விகிதமும் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

வேகக்கணக்கு

விகிதத்தை வச்சுப் பார்க்கணும்னு தோணலை. 5.78 தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நேரத்தை மிச்சம் பிடிக்க வேற வழி இருக்கா? கால்குலேட்டர் இல்லாத தேர்வுல 3078.9-ஐ 126.6-ஆல வகுக்கிறது கஷ்டம்.

குடுவை

இருக்கிறது. எல்லா அணுவுக்கும் 24 இருக்கத்தான் செய்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, மேலதிகமாக இருப்பதை மட்டும் கணக்குப் போடலாம். 25-இன் பங்குக்கு 1 அதிகம், 26-இன் பங்குக்கு 2 அதிகம்.

```
(12.7 × 1 + 13.9 × 2) ÷ 126.6 = 40.5 ÷ 126.6 = 0.32
24 + 0.32 = 24.32
```

40 ÷ 126 என்று தோராயமாகப் போட்டாலே மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்துவிடும். பெரிய எண்களைப் பெருக்கும்போது வரும் கைப்பிழையும் இதில் வராது.

கவின்_பதினொன்று

நன்றி சார், இப்ப புரியுது. இன்னொரு சந்தேகம். இந்தப் படத்துல கோட்டுக்கு மேலேயே எண் போட்டிருந்தாங்க. வேற பயிற்சியில எண் இல்லை, கோடு மட்டும்தான். அச்சுல 0, 20, 40-னு மட்டும் இருக்கு. 12.7-ஐ எப்படிக் கண்ணால பார்த்துச் சொல்றது? ஒருத்தர் 12-ன்னும் இன்னொருத்தர் 13-ன்னும் படிச்சா விடை மாறாதா?

அளவுகோல்

இதுக்கு நான் சொல்றேன். அச்சைப் பார்த்துப் படிக்கவே வேண்டாம். கணக்குக்கு விகிதம்தான் வேணும், அதனால ஸ்கேலை எடுத்துக் கோட்டோட நீளத்தை மில்லிமீட்டர்ல அளந்தாலே போதும். 24-க்கு 79 மி.மீ., 25-க்கு 10 மி.மீ., 26-க்கு 11 மி.மீ. வந்தா அப்படியே கூட்டி வகுக்கலாம். அச்சுல என்ன எழுதியிருந்தாலும் கவலை இல்லை.

அளக்கும்போது ஸ்கேலோட விளிம்பை வைக்காதீங்க, பூஜ்யக் குறியை வைங்க. நிறைய ஸ்கேல்ல விளிம்புக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல நாலஞ்சு மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். விளிம்பை வச்சு அளந்தா எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவு குறையும். 79-க்கு அது பெருசாத் தெரியாது, 10 மி.மீ. கோட்டுல பாதியே போயிடும். கோட்டோட தடிமனும் அப்படித்தான். அடியில கிடக்கிற அச்சுக்கோடு தடிமனா இருந்தா, எல்லாக் கோட்டையும் அச்சோட மேல் விளிம்புல இருந்தே அளங்க, இல்லைன்னா எல்லாத்தையும் நடுவுல இருந்தே அளங்க. ஒண்ணை இப்படியும் இன்னொண்ணை அப்படியும் அளக்கக் கூடாது.

12-ஆ 13-ஆன்னு கேட்டீங்க. 100, 12, 14-னு படிச்சா மேலதிகம் 40 ÷ 126 = 0.317. 100, 13, 14-னு படிச்சா 41 ÷ 127 = 0.323. ரெண்டுமே 24.32. ஒரு மெல்லிய பிழை வந்தாலும் சராசரி அசையறதில்லை, ஏன்னா மூணு நிறையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஆனா சதவீதம் அப்படி இல்லை. 12-னு படிச்சா 9.5%, 13-னு படிச்சா 10.2%. கேள்வி சதவீதம் கேட்டா கோட்டைக் கவனமா அளக்கணும்.

ஒரே ஒரு இடத்துல ஸ்கேல் வேலைக்கு ஆகாது. அச்சு பூஜ்யத்துல ஆரம்பிக்காத படம். கீழே 5-ல இருந்தோ 10-ல இருந்தோ ஆரம்பிச்சா, சின்னக் கோடெல்லாம் இருக்கிறதைவிடச் சின்னதாத் தெரியும். முதல்ல அச்சோட அடியில என்ன எண் இருக்குன்னு பாருங்க. பூஜ்யம் இல்லைன்னா நீளத்தை விட்டுட்டு அச்சுல இருக்கிற எண்ணைத்தான் படிக்கணும்.

கணினியில செய்றவங்க விரிதாள்ல A நெடுவரிசையில நிறை, B-ல உயரம் போட்டுட்டு இதை அடிச்சாப் போதும்:

```
=SUMPRODUCT(A2:A4,B2:B4)/SUM(B2:B4)
```

கவினுக்கு நடந்த தப்பு இதுல நடக்கவே நடக்காது. B-ல சதவீதம், மில்லிமீட்டர், ஒப்பு உயரம் எதைப் போட்டாலும் ஒரே விடைதான்.

மருந்தாய்வு

நிறை நிறமாலையில் உயரமான கோட்டுக்கு ஒன்று தள்ளி வரும் சின்னக் கோடு கார்பன்-13 காரணமாக வருவது. ஒரு கார்பனுக்கு சுமார் 1.1% உயரம் என்பது கணக்கு. 12.7% என்றால் கிட்டத்தட்ட 11 அல்லது 12 கார்பன் உள்ள மூலக்கூறு. இதில் சராசரி எடுக்கவே கூடாது. உயரமான கோட்டின் நிறைதான் மூலக்கூறின் நிறை. கேள்வியையே தவறாகக் கேட்டிருக்கிறார்கள்.

குடுவை

கார்பன்-13 பற்றி நீங்கள் சொல்வது கரிமச் சேர்மங்களின் நிறமாலைக்குச் சரி. ஆனால் அங்கேயும் உயரமான கோடு எப்போதும் முழு மூலக்கூறின் கோடாக இருக்க வேண்டியதில்லை. கவின் கேட்டிருப்பது தனி மெக்னீசியம் உலோகத்தின் நிறமாலை. ஆவியாக்கி, ஒரு எலக்ட்ரானை நீக்கி Mg⁺ ஆக்கிய அணுக்கள் மட்டுமே அதில் இருக்கின்றன. கார்பனே இல்லை. 25-இல் நிற்கும் கோடு 13 நியூட்ரான் உள்ள மெக்னீசியம் அணு. அதோடு, 24 நிறையில் 11 கார்பன் உள்ள மூலக்கூறு அடங்காது. 11 கார்பனுக்கே 132 ஆகிவிடும்.

மருந்தாய்வு

ஆமாம், m/z 24 என்பதைக் கவனிக்கவில்லை. கோடுகளின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன். தனிமத்தின் நிறமாலைக்கு என் பதில் பொருந்தாது.

வல்வை_உயர்தரம்

எனக்கும் இதோடு தொடர்புள்ள கேள்வி ஒன்று இருக்குது. நிறை நிறமாலையை நாங்கள் திணிவு நிறமாலை என்றும் ஐசோடோப்பைச் சமதானி என்றும் படிக்கிறனாங்கள், விசயம் ஒன்றுதான். எனக்கு வந்தது குளோரின் வாயு. ஐந்து கோடுகள்: 35-இல் 31, 37-இல் 10, 70-இல் 100, 72-இல் 64, 74-இல் 10. குடுவை சேர் சொன்ன மாதிரியே எல்லா உயரத்தையும் கூட்டி 215-ஆல் வகுத்தேன். 64.2 வருது. 35-க்கும் 74-க்கும் இடையில்தான் இருக்குது, ஆனால் குளோரினின் சார் அணுத்திணிவு 35.5 என்று தெரியும். எங்கே பிழை விட்டனான்?

வேகக்கணக்கு

70, 72, 74 எல்லாம் மூலக்கூறு. ரெண்டால வகுத்து 35, 36, 37 ஆக்கிட்டு, 35-ஐயும் 37-ஐயும் மேலே இருக்கிற 35, 37 கோட்டோட சேர்த்துடுங்க. மூணு ஐசோடோப்பு வரும்.

குடுவை

பாதி சரி. 70, 72, 74 மூன்றும் Cl₂⁺ மூலக்கூறு அயனிகள்தான். ஆனால் 36 நிறையுள்ள குளோரின் அணு எதுவும் அந்தப் படத்தில் இல்லை. 72 எப்படி வருகிறது என்றால், ஓர் அணு 35, மற்றது 37. இரண்டையும் கூட்டினால் 72. அதை இரண்டால் வகுத்து 36 என்று ஒரு ஐசோடோப்பை உண்டாக்கிவிடக் கூடாது. அப்படி ஒன்று இருந்தால் 36-இலேயே ஒரு கோடு நின்றிருக்கும். 35-க்கும் 37-க்கும் நடுவே வெறுமையாக இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

வல்வை, படத்தில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன. 35-உம் 37-உம் அணுக்களின் குழு. 70, 72, 74 மூலக்கூறுகளின் குழு. ஒரு குழுவுக்குள் மட்டும்தான் உயரங்களை ஒப்பிடலாம். எத்தனை மூலக்கூறு கருவிக்குள் உடைந்து தனி அணு அயனிகளாகிறது என்பது மோதும் எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பொறுத்தது. அந்த ஆற்றலை மாற்றினால் 35-இன் உயரத்துக்கும் 70-இன் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறும். குளோரினில் எந்த ஐசோடோப்பு எவ்வளவு இருக்கிறது என்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ஒவ்வொரு குழுவையும் தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள். அணுக் குழுவில் மொத்தம் 41 பங்கு. 37-க்கு 2 அதிகம்.

```
35 + (10 × 2) ÷ 41 = 35.49
```

மூலக்கூறுக் குழுவில் மொத்தம் 174 பங்கு. 70-ஐ ஒதுக்கினால் 72-க்கு 2, 74-க்கு 4 அதிகம்.

```
70 + (64 × 2 + 10 × 4) ÷ 174 = 70.97
70.97 ÷ 2 = 35.48
```

இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. முழுச் சராசரியையும் எடுத்த பிறகு இரண்டால் வகுக்கலாம், அதில் குற்றமில்லை. தனித்தனிக் கோட்டை வகுத்து அதற்கு ஐசோடோப்புப் பெயர் வைப்பதுதான் கூடாது.

வல்வை_உயர்தரம்

நன்றி சேர். 72 ஏன் அவ்வளவு உயரம் என்று இப்பத்தான் விளங்குது. நாலில் மூன்று பங்கு 35 என்று வைத்தால், இரண்டும் 35 ஆக வருவது 16-இல் 9, இரண்டும் 37 ஆக வருவது 16-இல் 1, கலந்து வருவது 35-37, 37-35 என்று இரண்டு விதமாக, 16-இல் 6. 9:6:1. என்ர படத்தில் 100:64:10. கிட்டத்தட்டச் சரி.

குடுவை

அதேதான். 9:6:1 என்பது குளோரினைச் சரியாக 75-க்கு 25 என்று வைத்தால் வருவது. உண்மையில் 35 நிறையுள்ளது 75.8%, 37 உள்ளது 24.2%. அதனால்தான் 66.7-க்குப் பதில் 64 நிற்கிறது.

அளவுகோல்

கோடு ஒதுக்குறதைப் பத்திப் பேசுறதால இதையும் சொல்லிடறேன். சில மெக்னீசியம் படத்துல 12, 12.5, 13-ல சின்னதா மூணு கோடு இருக்கும். அதைப் பார்த்து இலேசான ஐசோடோப்புன்னு எழுதிடாதீங்க. அது ரெண்டு எலக்ட்ரான் போன Mg²⁺. கீழ் அச்சு நிறை இல்லை, நிறையை மின்சுமையால வகுத்தது. 24, 25, 26-ஐ ரெண்டால வகுத்தா 12, 12.5, 13. அரை எண்ல கோடு தெரிஞ்சாலே ரெட்டை மின்சுமைன்னு புரிஞ்சுக்கலாம், அரை நிறை எண் உள்ள அணு கிடையாது. அந்த மூணு கோட்டோட உயர விகிதமும் பெரிய மூணு கோட்டோட விகிதமும் ஒண்ணாத்தான் இருக்கும். சராசரி எடுக்கும்போது அந்தக் குழுவை விட்டுடணும்.

கவின்_பதினொன்று

எல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டேன். இன்னொண்ணு உறுத்துது. நமக்கு 24.32 வந்தது. ஆனா தனிம அட்டவணையில மெக்னீசியம் 24.305. நான் கோட்டை இன்னும் துல்லியமா அளந்தா 24.305 வந்துடுமா?

குடுவை

வராது. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் 24.32-இலேயேதான் நிற்கும். உயரத்தில் பிழை இல்லை; நீ பெருக்கிய 24, 25, 26-இல்தான் வேறுபாடு இருக்கிறது. அவை நிறை எண்கள், அதாவது புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிச் சொன்ன முழு எண்கள். அணுவின் உண்மையான நிறை முழு எண்ணாக இருப்பதில்லை. கார்பன்-12-ஐச் சரியாக 12 என்று வைத்து அளந்தால் மெக்னீசியத்தின் மூன்றும் 23.985, 24.986, 25.983. மூன்றும் முழு எண்ணைவிட 0.015 அளவுக்குக் குறைவு. சராசரியும் அதே அளவுக்கு இறங்குகிறது.

```
23.985 × 0.7899 + 24.986 × 0.1000 + 25.983 × 0.1101 = 24.305
```

எல்லாத் தனிமத்திலும் இப்படிக் கீழே இறங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். போரானை எடுத்துக்கொள். 10 நிறை எண் உள்ளது 19.9%, 11 உள்ளது 80.1%. நிறை எண்ணை வைத்துப் போட்டால் 10.80. உண்மை நிறைகள் 10.013, 11.009, இவை முழு எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் சராசரி 10.81-க்கு ஏறுகிறது. கருவில் துகள்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்த ஏற்ற இறக்கம்.

வேகக்கணக்கு

அப்ப விடைத்தாள்ல 24.32-னு எழுதணுமா, 24.3-னு எழுதணுமா? ரெண்டாவது தசமமே அட்டவணையோட ஒத்துப்போகலைன்னா அதை எழுதி என்ன பயன்?

குடுவை

என் கருத்தில் 24.3 நேர்மையான விடை. நிறை எண்ணை வைத்துப் பெருக்கும்போதே இரண்டாவது தசமம் கைவிட்டுப் போய்விடுகிறது.

அளவுகோல்

இதுல எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வியில 12.7, 13.9-னு மூணு இலக்கம் கொடுத்து, நிறை எண்ணைப் பயன்படுத்துன்னு சொன்னா, அந்தக் கணக்கோட விடை 24.32. அட்டவணையோட ஒப்பிடுறது வேற கேள்வி. ரெண்டு தசமம்னு கேட்டிருந்தா 24.3-னு எழுதினவருக்கு மதிப்பெண் போகும். கேள்வி எத்தனை தசமம் கேட்குதோ அத்தனை எழுதுறதுதான் சரி. கேட்கலைன்னா 24.32-னு எழுதி அதுக்கு முந்தின படியையும் காட்டிடுங்க.

குடுவை

கேள்வியில் தசமம் குறிப்பிட்டிருந்தால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். குறிப்பிடாதபோது நான் 24.3-இலேயே நிற்கிறேன். மெக்னீசியத்துக்கு ஐயூபேக் அமைப்பு இப்போது தருவதே 24.304 முதல் 24.307 வரை என்ற இடைவெளிதான்; மாதிரி எங்கிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து ஐசோடோப்பு விகிதம் மிக மெல்லியதாக மாறுகிறது. குளோரினுக்கு 35.446 முதல் 35.457 வரை.

வல்வை_உயர்தரம்

கடைசியாக ஒன்று. எதிர்த் திசையில் கேட்டிருக்கினம். மகனீசியத்தின் சராசரி 24.305, மகனீசியம்-24 இன் நூற்றுவீதம் 79, மற்ற இரண்டின் நூற்றுவீதம் என்ன? நான் 25-க்கு x, 26-க்கு y என்று வைத்தேன். x + y = 21. மேலதிகத்தை வைத்து x + 2y = 30.5. கழித்தால் y = 9.5, x = 11.5. ஆனால் கவினின் படத்தில் 26-இன் கோடுதான் 25-ஐவிட உயரம். எனக்கு மாறி வருது. சமன்பாட்டில் பிழை இருக்குதோ?

குடுவை

சமன்பாடு சரியாகவே அமைத்திருக்கிறீர்கள். இடித்துக்கொள்வது கேள்வியில் உள்ள எண்தான். 24.305 உண்மை நிறைகளிலிருந்து வந்த சராசரி. நீங்கள் அதை 24, 25, 26 என்ற முழு எண்களோடு சேர்த்துவிட்டீர்கள். கவினுக்குச் சொன்ன அந்த 0.015 வேறுபாடு, நூறு பங்குக்கு 1.5 ஆகிவிடுகிறது. 32 இருக்க வேண்டிய இடத்தில் 30.5 வந்து நிற்கிறது. 24.32 என்று போட்டுப் பாருங்கள்: x + 2y = 32, அதனால் y = 11, x = 10. படத்தோடு பொருந்தும்.

சராசரி கண்டுபிடிக்கும்போது உயரத்தில் வரும் பிழை அமுங்கிவிடுகிறது என்று அளவுகோல் சொன்னார். சராசரியிலிருந்து சதவீதத்துக்குத் திரும்பி வரும்போது அதற்கு நேர்மாறாக, சிறு பிழையும் பெருகும். இங்கே எந்த ஐசோடோப்பு அதிகம் என்பதே தலைகீழாகிவிட்டது. குளோரினிலும் 35.45-ஐ முழு எண்களோடு போட்டால் 37-க்கு 22.5% வரும், உண்மையில் 24.2%. அட்டவணை எண்ணைக் கொடுத்தால் உண்மை நிறைகளையும் கேள்வியிலேயே கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால், நிறை எண்களை வைத்துப் போட்டதாக ஒரு வரி எழுதிவிட்டு வந்த விடையை எழுதுங்கள்.

வல்வை_உயர்தரம்

கேள்வியில் சரியான திணிவுகள் தரேல்லை. விடைப் புத்தகத்திலும் 11.5, 9.5 என்றுதான் போட்டிருக்கு. அப்ப விடைப் புத்தகமே பிழையோ?

அளவுகோல்

அவங்க கொடுத்த எண்ணுக்கு அதுதான் விடை, மெக்னீசியத்துக்கு அது இல்லை. மதிப்பெண் திட்டம் எப்படிப் போட்டிருக்காங்கன்னு உங்க ஆசிரியர்கிட்டயே கேட்டுடுங்க. கேட்டுட்டு இங்க வந்து சொல்லுங்க.